1440-இல் நிற்கும் மோட்டார்: கேள்வி பதில்

களக்காடு: "5 எச்.பி., நாலு போல் மோட்டார். ஐ.டி.ஐ.யில 1500-ன்னு படிச்சேன், தகட்டில 1440 போட்டிருக்கு. மீதி 60 சுற்று எங்க போச்சு அண்ணாச்சி?"

தம்பி, நிமிடத்துக்கு 1500 சுற்று என்பது, மோட்டாரின் அசையாத வெளிப்பகுதியான ஸ்டேட்டருக்குள் சுழலும் காந்தப்புலத்தின் வேகம். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் நாலு போலுக்கு அது மாறாது. உள்ளே சுற்றும் ரோட்டருக்கோ நாம் எந்த வயரும் கொடுப்பதில்லை. உள்ளே அலுமினியக் கம்பிகள், இரண்டு முனையிலும் வளையம், அவ்வளவுதான். புலம் அந்தக் கம்பிகளை வெட்டிக் கடந்தால்தான் அவற்றில் கரண்ட் பிறக்கும், கரண்ட் இருந்தால்தான் விசை. ரோட்டரும் 1500-ஐத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். கம்பியைப் புலம் கடக்கவே கடக்காது. விசை செத்துவிடும், பம்பின் சுமை ரோட்டரைப் பின்னுக்கு இழுக்கும். பின்தங்கிய உடனே கரண்ட் திரும்ப வரும். சுமைக்குத் தேவையான விசை கிடைக்கும் வரை பின்தங்கி, அந்த வேகத்திலேயே ஓடும். உங்கள் மோட்டாருக்கு முழுச் சுமையில் அது 60 சுற்று, 1500-இல் 4 சதவீதம். ஸ்லிப் என்பது இதுதான்.

கண்ணாலேயே பார்க்கலாம். மெயினை அணைத்து, பம்பைக் கழற்றிவிட்டு, கப்ளிங்கில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இரவில் பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் மோட்டாரை ஓட்டுங்கள். அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குவதால், ஒரு கோடு நாலாகத் தெரியும். நாலும் மெதுவாகப் பின்னோக்கி நகரும். ஒரு நிமிடத்தில் 20 கோடு கடந்தால் ஸ்லிப் 5 சுற்று, வேகம் 1495. எல்.இ.டி. பல்பில் இது சரியாகத் தெரியாது.

முக்கூடல்: "பேரிங் உராய்வுதானே காரணம்? நல்ல பேரிங் போட்டா 1500 வந்துரும்லா?"

பாதி சரி. உராய்வும் ஒரு சுமைதான், குறைந்தால் 1500-க்கு இன்னும் பக்கத்தில் போகும். ஆனால் காற்றைத் தள்ளும் விசிறி பின்னால் இருக்கும்வரை 1500-ஐத் தொடாது.

அம்பாசமுத்திரம்: "தேர் வடம் மாதிரின்னு புரிஞ்சிக்கிட்டேன். புலம் இழுக்குது, ரோட்டர் பின்னால போகுது. சரியா?"

வடமும் தேரும் ஒரே வேகத்தில் போகும், ஐயா. அந்த உவமை, புலத்தின் வேகத்திலேயே ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாருக்குப் பொருந்தும். இங்கே வேக வித்தியாசமே விசையைப் பிறப்பிக்கிறது.

சேரன்மகாதேவி: "சாயங்காலம் 340 வோல்ட்தான் வருது. மோட்டார் தொட முடியாத சூடு. ரிலேயைக் கூட்டி வைக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். 415-இலிருந்து 340-க்கு இறங்கினால், அதே ஸ்லிப்பில் கிடைக்கும் விசை மூன்றில் இரண்டு பங்குதான், ஏனென்றால் அது வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுமை மாறாவிட்டால் 4 சதவீத ஸ்லிப் 6 ஆகும், வேகம் ஏறக்குறைய 1410. 30 சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் புலத்திலிருந்து ரோட்டருக்குப் போகும் சக்தியில் ஸ்லிப் எத்தனை சதவீதமோ, அத்தனையும் ரோட்டரிலேயே சூடாகிறது. 4 போய் 6 வந்தால் ஒன்றரை மடங்கு சூடு. ஸ்டேட்டர் காயிலிலும் கரண்ட் ஏறும். ரிலே அதைப் பார்த்துத்தான் தட்டி மோட்டாரை நிறுத்துகிறது. கூட்டி வைத்தால் காயில் கருகும்.

பணகுடி: "ரோட்டர் எப்பவும் குறைவாத்தான் சுத்தும்கிறது தப்பு. கரண்ட் எடுக்கிற எங்க பழைய காத்தாடியில 1510 பாத்திருக்கேன்."

நீங்கள் பார்த்தது உண்மை. அந்த வகைக் காத்தாடியில் காற்று ரோட்டரை 1500-க்கு மேல் தள்ளுகிறது. கம்பிகள் புலத்தை எதிர்த்திசையில் வெட்டும், கரண்ட் திரும்பும், சக்தி லைனுக்குப் போகும். அப்போது அது மோட்டார் இல்லை, ஜெனரேட்டர்.

பணகுடி: "மெஷின் ஒண்ணுதானே? அப்ப 'எப்பவும்'னு சொல்லக்கூடாது."

மெஷின் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1500-க்கு மேலே போனாலும் வித்தியாசம் இல்லாமல் வேலை நடக்கவில்லையே. உங்கள் 10 சுற்றும் ஸ்லிப்தான், கழித்தல் குறியோடு.

பணகுடி: "மைனஸ் ஸ்லிப்புங்கறது கணக்குக்குச் சொல்லுறது."

கணக்கு மட்டுமில்லை. காற்று விழுந்தும் லைனில் இருந்தால், அதே மெஷின் 1500-க்குக் கீழே இறங்கி லைனிலிருந்து கரண்ட் இழுத்து இறக்கைகளைச் சுற்றும். அதனால்தான் கண்ட்ரோலர் அதைப் பிரித்துவிடுகிறது.

வள்ளியூர்: "1500 ஓடுற மோட்டார் எங்க கிடைக்கும்?"

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

திசையன்விளை: "ரிலேயைக் கொஞ்சமா கூட்டினா?"

கொஞ்சமாகவும் கூட்டாதீர்கள்.

கடையம்: "காயில் புதுசா கட்டினபிறகு 1440 இருந்தது 1420 ஆயிருச்சு. கட்டினவர் சரின்னு சொல்லுதார்."

சுற்று எண்ணிக்கை கூடியிருந்தால் புலம் பலவீனமாகும், ஸ்லிப் ஏறும். அதே வோல்ட், அதே சுமையில்தான் இரண்டு தடவையும் அளந்தீர்களா? வோல்ட் குறைந்திருந்தாலும் இதே மாதிரித்தான் தெரியும். பழைய காயிலைப் பிரிக்கும்போது எத்தனை சுற்று என்று அவர் எழுதி வைத்தாரா? கேட்டுச் சொல்லுங்கள்.