ரசீதில் தெரிவதும் தெரியாததும்

"அமெரிக்காவில் படிக்கும் மகளுக்கு எங்கள் ஊர் வங்கியிலிருந்து 1,500 டாலர் அனுப்பினேன். என் கணக்கில் 1,33,388.80 ரூபாய் பிடித்துவிட்டார்கள். ரசீதில் கட்டணம் 1,000 ரூபாய், விகிதம் 88.00 என்று இருக்கிறது. மகளுக்கு 1,480 டாலர்தான் வந்தது. மீதி எங்கே போனது?"
– வாசகி, குடியாத்தம்

முதலில் ரூபாய்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1,500 டாலரை 88 ரூபாயால் பெருக்கினால் 1,32,000 ரூபாய். கட்டணம் 1,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய். மிஞ்சும் 208.80 ரூபாய் நாணய மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி. இந்த வரி முழுத் தொகைக்கும் விதிக்கப்படுவதில்லை. ஒரு லட்சத்துக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட 32,000 ரூபாய்க்கு அரை சதவீதமாக 160 ரூபாய், ஆக 1,160 ரூபாயைச் சேவை மதிப்பாகக் கொண்டு, அதில் 18 சதவீதம் பிடிக்கிறார்கள். உங்கள் வங்கி கூட்டலில் தவறு செய்யவில்லை.

ஆனால் பெரிய செலவு, கட்டணம் என்ற பெயரே இல்லாமல் அந்த 88.00 என்ற விகிதத்துக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வேலை நாளும் எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் டாலருக்கான குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. நீங்கள் பணம் அனுப்பிய நாளில் அது 86.50 என்று வைத்துக்கொண்டால், டாலருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 2,250 ரூபாய் வங்கியின் லாபம். ரசீதில் எழுதியிருக்கும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஓரளவு லாபம் வைத்துத்தான் எந்த வங்கியும் டாலரை விற்கும் என்றாலும், விகிதத்தைக் குறைத்துத் தரும்படி கிளையில் கேட்பதில் தவறில்லை, கூச்சப்படவும் வேண்டாம்.

குறைந்த 20 டாலரைப் பொறுத்தவரை, மகளின் வங்கிக் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். 1,500 வரவாகி, 20 தனியாகக் கழிந்திருந்தால் எடுத்தது அவருடைய வங்கி. வரவே 1,480 என்றால், பெரும்பாலும் வழியிலுள்ள இடைநிலை வங்கி எடுத்திருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் வெளிநாட்டுக் கட்டணம் SHA, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்ந்துகொள்வது, என்று குறிக்கப்பட்டிருந்தால் இப்படி நடக்கும். அந்தப் பிடித்தம் நீங்கள் அனுப்பும் நேரத்தில் வங்கிக்கே தெரியாது என்பதால்தான் ரசீதில் வருவதில்லை. சந்தேகம் தீர, பணம் அனுப்புவது பற்றி உங்கள் வங்கி வெளிநாட்டு வங்கிக்கு அனுப்பிய ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரிக் கட்டணம் கட்டும்போது OUR, அதாவது எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது, என்று குறிக்கச் சொல்லுங்கள். இங்கே சற்றுக் கூடுதலாகப் பிடிப்பார்கள், ஆனால் 20 டாலர் குறைந்து கட்டணம் பாக்கி என்று நிற்கும் நிலை பெரும்பாலும் வராது.

இரண்டு வங்கிகளை ஒப்பிட, கணக்கில் பிடித்த மொத்த ரூபாயைக் கைக்குக் கிடைத்த டாலரால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு டாலர் விழுந்த விலை 88 ரூபாய் அல்ல, 90.13 ரூபாய்.