லிசனிங்கில் பொறி எங்கே இருக்கிறது? ஐஇஎல்டிஎஸ் கேள்வி பதில்

திருச்சியில் பல வருஷமாக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆடியோவைக் கேட்டு விடை எழுதும் லிசனிங்கில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச முடியாது. அதனால் படிவம் நிரப்புவது, வரைபடத்தில் இடம் குறிப்பது, ஏ, பி, சி என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, இந்த மூன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

நாகர்கோவிலிலிருந்து ஒரு நர்ஸ்: முதல் பகுதி ஈசின்னு எல்லாரும் சொல்றாங்க அக்கா. எனக்கு அதுலயே மூணு மார்க் போயிடுது. காதுல நல்லா கேட்குது, கேட்டதைத்தான் எழுதுறேன். அப்புறம் எப்படி தப்பாகுது?

நீங்கள் கேட்டது சரிதான், எழுதிய நேரம்தான் தப்பு. வகுப்பில் நான் பயன்படுத்தும் ஓர் உரையாடலைச் சொல்கிறேன். ஒரு பெண் வாடகை சைக்கிள் கடைக்கு போன் செய்கிறாள். படிவத்தில் ‘எடுக்கும் நாள்’ என்று ஒரு காலி இடம். வியாழக்கிழமை வரலாமா என்று கேட்கிறாள். இந்த இடத்திலேயே வகுப்பில் பாதிப் பேர் வியாழன் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார்கள். கடைக்காரர், அன்று மதியத்தோடு கடையை மூடிவிடுவோம், நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்கிறார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரயில் மூன்று மணிக்குத்தான் வரும், அப்போ மறுநாள் காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். விடை வெள்ளி. ‘வெள்ளி’ என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை என்றால் கொஞ்சம் கொடுமையாக இருக்கும். உண்மைத் தேர்வில் பெரும்பாலும் கடைக்காரர், ‘சரி, வெள்ளிக்கிழமை’ என்று ஒரு தடவை சொல்லிவிடுவார். ஆனால் அதற்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள்.

எனவே முதலில் கேட்டதை ஓரத்தில் சின்னதாகக் குறித்து வையுங்கள். எதிராளி அதை ஒப்புக்கொண்ட பிறகு கட்டத்தில் எழுதுங்கள். ‘ஆக்சுவலி’, ‘ஓ, சாரி’, ‘ஹேங் ஆன்’, ‘வெல்...’ என்று இழுப்பது, இதெல்லாம் காதில் விழுந்தால் முன்பு சொன்னது மாறப்போகிறது என்று பொருள்.

மதுரைக்காரர் ஒருவர்: அப்போ சிம்பிள். ரெண்டு விஷயம் சொன்னா கடைசியா சொல்றதுதான் விடை. எங்க கோச்சிங்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க, எனக்கு ஒர்க் அவுட் ஆகுது.

பாதி தடவை ஒர்க் அவுட் ஆகும், அதில்தான் ஆபத்து. அதே சைக்கிள் கடையில் அடுத்த கட்டம் ‘ஒரு நாள் வாடகை’. கடைக்காரர் சொல்கிறார்: ஒரு நாளைக்கு 15 பவுண்டு, நாலு நாளோ அதற்கு மேலோ எடுத்தால் நாளுக்கு 12. அவள், எனக்கு சனி ஞாயிறு சேர்த்து மூன்று நாள் போதும் என்கிறாள். கடைசியாகக் கேட்ட எண் 12, விடை 15. அவள் ஒரு வாரம் வேண்டும் என்று சொல்லியிருந்தால் விடை 12. எண் எந்த வரிசையில் வந்தது என்பதில் விடை இல்லை, அவள் எத்தனை நாள் என்று சொல்வதில் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் எண்ணே கேட்காததுபோல் இருப்பதால் நம் காது அதைத் தவறவிடுகிறது.

ஒரு கல்லூரி மாணவி: பேரை ஸ்பெல் பண்ணும்போது எழுத்து மாறிடுது மேம். ரொம்ப வேகமா சொல்றாங்களோ?

வேகம் ஒரு காரணம்தான், நம் தமிழ்க் காது இன்னொரு காரணம். ‘ஈ’ என்று கேட்டதும் எழுத வேண்டியது எலிஃபன்டின் முதல் எழுத்து. நம் கை இங்க்கின் முதல் எழுத்தை எழுதிவிடும், ஏனென்றால் அந்த ஒலிக்கு நாம் பழகிய எழுத்து அதுதான். ‘ஏ’ என்று கேட்டால் ஆப்பிளின் எழுத்துக்குப் பதிலாக எலிஃபன்ட் வந்து உட்காரும். ‘ஜீ’யும் ‘ஜே’யும் இதே கதை. இது அறிவுக் குறையில்லை, கையின் பழக்கம். வீட்டில் யாரையாவது தினமும் பத்து ஊர்ப்பெயர்களை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லி, நிறுத்தாமல் எழுதிப் பாருங்கள். என் மாணவர்களுக்கு இரண்டு வாரத்தில் கை மாறிவிடுகிறது. இன்னொன்று: ‘டபுள் எல்’ என்றால் அதே எழுத்து இரண்டு முறை. போன் நம்பரில் ‘ஓ’ என்றால் சுழியம்.

தேர்ட்டீன், தேர்ட்டி குழப்பத்துக்கு அழுத்தத்தைக் கவனியுங்கள். 13இல் ‘டீன்’ நீண்டு விழும், 30இல் முன்பகுதியில் அழுத்தம் விழுந்து வால் சுருங்கும். ஆனால் 13க்குப் பின்னால் உடனே இன்னொரு சொல் வந்தால் அந்த அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும். அப்போது கடைசியில் ‘ன்’ இருக்கிறதா என்று கேட்பதுதான் நம்பகம்.

பெயர் சொல்லாத ஒருவர்: ரெண்டு சொல்லுக்கு மேல கூடாதுன்னு போட்டிருந்தா, ரெண்டு சொல் எழுதியே ஆகணுமா?

வேண்டாம். ஒரே சொல் போதும் என்றால் ஒன்றே எழுதுங்கள். மூன்று எழுதினால் விடை உள்ளே இருந்தாலும் மார்க் கிடையாது. படிவத்தில் பவுண்டு குறி ஏற்கனவே அச்சாகியிருந்தால் எண் மட்டும் போதும். பன்மையின் கடைசி ‘எஸ்’ஸை விடாதீர்கள், எழுத்துப்பிழைக்கும் மார்க் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: மாப் வந்தாலே நான் துலைஞ்சு போறன் அக்கா. லெஃப்ட் எண்டா லெஃப்ட் பக்கம்தானே பாக்கிறன், ஏன் பிழைக்குது?

நீங்கள் பார்ப்பது தாளின் இடப்பக்கம், பேசுபவர் சொல்வது நடப்பவரின் இடப்பக்கம். தாளில் மேல்நோக்கி நடக்கும்வரை இரண்டும் ஒன்றுதான், திரும்பியதும் பிரிந்துவிடும்.

ஒரு பூங்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் தாளின் அடியில், நடுவில் குளம். வழிகாட்டி சொல்கிறார்: வாசலிலிருந்து நேரே போங்கள், குளத்தை அடைந்ததும் வலப்பக்கம் திரும்பிக் கரையோடு சுற்றி, மேலே இருக்கும் மரப்பாலத்துக்கு வாருங்கள். பாலத்தைக் கடக்காமல் மறுபக்கக் கரை வழியாகத் திரும்பி இறங்குங்கள். பறவைகள் பார்க்கும் குடில் உங்கள் வலப்பக்கம், பிக்னிக் மேசைகளைத் தாண்டியதும் இருக்கும்.

இப்போது நீங்கள் குளத்தின் இடக்கரையில், தாளில் கீழ்நோக்கி வருகிறீர்கள். உங்கள் வலக்கை தாளின் இடது ஓரத்தைத்தான் காட்டும். மேசைகளுக்கு அருகே, இடங்களைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் இருக்கும். ஒன்று மேசைகளுக்கும் குளத்துக்கும் நடுவில், ஒன்று மேசைகளுக்கு மேலே, ஒன்று கீழே. தாளின் வலப்பக்கம் பார்ப்பவர் முதல் எழுத்தைப் போடுவார். ‘தாண்டியதும்’ என்பதை ‘பக்கத்தில்’ என்று கேட்டவர் இரண்டாவதைப் போடுவார். விடை கீழே இருப்பது.

இதற்கு மருந்து பென்சில்தான். ‘நீங்கள் இங்கே’ என்ற புள்ளியில் முனையை வைத்து, பேச்சோடு நகர்த்துங்கள். கணினித் தேர்வு என்றால் மவுஸ் அம்பு. கண்ணால் மட்டும் போனால் திரும்பும்போது தவறும். ஆடியோ தொடங்குமுன் கிடைக்கும் சில நொடிகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் கேள்விகளைவிட எழுத்துகள் அதிகமாக இருக்கும், சில கடைசிவரை காலிதான். ‘போன வருஷம் கடை வாசலருகே இருந்தது, இப்போது...’ என்று ஆரம்பித்தால் பழைய இடத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொருவர்: என் மாமா பையன் கனடால இருக்கான். அமெரிக்கன் ஆக்சென்ட்ல பேசினா மார்க் ஜாஸ்தின்னு சொல்றான், நிஜமா?

நீங்கள் கேட்பது ஸ்பீக்கிங் பற்றி, அதிலும் அப்படி ஒன்றும் இல்லை. லிசனிங்கில் நீங்கள் பேசவே போவதில்லை. எழுதும்போது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டும் செல்லும்.

சென்னை, மென்பொருள் வேலை: ஏ, பி, சி கேள்விதான் என் பிரச்சினை. மூணுமே ஆடியோல வருது. ஒரு டிரிக் கண்டுபிடிச்சிருக்கேன்: ஆப்ஷன்ல இருக்கிற அதே வார்த்தை ஆடியோல வந்தா அது தப்பு.

டிரிக் இல்லை, சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சொல் சரியான விடையிலும் வரலாம். மூன்றாம் பகுதியில் வருவதுபோல ஒன்று செய்து பார்ப்போம். கேள்வி: அந்த மாணவர் ஆய்வுத் தலைப்பை ஏன் மாற்றினார்? ஏ: தலைப்பு மிகப் பெரிதாக இருந்தது. பி: தகவல் போதவில்லை. சி: வேறொருவர் ஏற்கனவே செய்திருந்தார்.

ஆசிரியை: “அது ரொம்பப் பெரிய தலைப்பு, இல்லையா?” மாணவர்: “என் நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் அதைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தகவல் கிடைக்காதோ என்று ஆரம்பத்தில் பயம் இருந்தது, நூலகத்தில் போய்ப் பார்த்தால் குவிந்து கிடந்தது. அப்புறம் போன வருஷத்து ஆய்வுகளைப் புரட்டினேன். என் யோசனை அப்படியே ஒன்றில் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.”

‘பெரிய தலைப்பு’ அதே சொல்லாக வந்தது, ஆனால் அது மற்றவர்களின் கருத்து. தகவல் பற்றிய பயம் அவருடையதுதான், ஆனால் அது முன்பு இருந்தது, பிறகு போய்விட்டது. சி மட்டும் வேறு சொற்களில் வந்து, மாற்றிய செயலோடு ஒட்டுகிறது. ஒரு விருப்பம் காதில் விழுந்ததும் இரண்டைக் கேளுங்கள்: இது யாருடைய கருத்து, இன்னும் நிற்கிறதா? உங்கள் டிரிக் இங்கே ஏ-யைத் தள்ளிவிடும். ‘பெரிய’ என்ற அந்தச் சொல்லை ஆடியோவில் மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள்?

கோவையில் என்னைப்போல் பயிற்சி தரும் ஒருவர்: கேள்வியை மட்டும் படி, ஆப்ஷன்களைப் படிக்காதேன்னு நீங்க சொல்றதா கேள்விப்பட்டேன். எனக்கு உடன்பாடில்லை. என் மாணவர்கள் மூணையும் படிச்சுட்டுத்தான் கேட்கிறாங்க, நல்லாவே செய்றாங்க.

படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நேரம் குறைவாக இருந்தால் கேள்வியை முதலில் படியுங்கள், ‘ஏன்’, ‘முதலில்’, ‘இப்போது’ போன்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள் என்கிறேன். மூன்றையும் படித்துவிட்டு உட்காரும் பையன், அந்தச் சொற்கள் வருமா என்று காத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வேகமாக வாசிப்பவர்களுக்கு உங்கள் முறை சரியாக இருக்கலாம். உங்கள் மாணவர்கள் அப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள்.

நாகர்கோவில் நர்ஸ் மறுபடியும்: ஒரு விடையைத் தவறவிட்டா அதையே நினைச்சு அடுத்த ரெண்டும் போயிடுது அக்கா. அதுக்கு என்ன பண்றது?

எனக்கும் நடந்திருக்கிறது. முதல் தடவை எழுதியபோது, ஹெட்போனில் கரகரப்பு வந்ததைக் கையை உயர்த்திச் சொல்லாமல் உட்கார்ந்திருந்து இரண்டு கேள்வி போனது. மூன்றாவது போனது அந்த எரிச்சலில். ஆடியோ ஒரு தடவைதான் வரும், ஆனால் கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே இருக்கும். எனவே அடுத்த கட்டத்தில் இருக்கும் முக்கியச் சொல்லை எப்போதும் ஒரு கண்ணில் வைத்திருங்கள். ‘எடுக்கும் நாள்’ எழுத வேண்டிய நேரத்தில் வாடகை பற்றிப் பேச்சு வந்துவிட்டதா, நாள் போய்விட்டது. ஒரு புள்ளி வைத்துவிட்டு வாடகைக்கு வாருங்கள். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் கடைசியில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் ஊகித்து ஏதாவது எழுதுங்கள். தாள் தேர்வில் விடைகளை மாற்றி எழுத 10 நிமிடம் தருவார்கள். கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான், அதனால் ஊகத்தை அப்போதைக்கு அப்போதே தட்டிவிடுங்கள்.