அம்மாவும் எதிர்மனுதாரர்தான்

அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். திருமங்கலம் கோர்ட்டில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு தீர்ப்பானது. அண்ணன் மதுரையில் அப்பீல் போட்டுவிட்டார். அதில் 18 காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எப்படிப் பதில் சொல்வது? கல்யாணத்தில் போட்ட நகையை அங்கேயும் இழுப்பார்களே என்று தூக்கமே வரவில்லை. தீர்ப்பு, அப்பீல், சாட்சி வாக்குமூல நகல்களை அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கும் ஒரு பங்கு போட்டிருக்கிறார்கள். அவர் அண்ணனோடு இருக்கிறார்.

– வாசகி, திருமங்கலம்

அம்மாவைக் கடைசி வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். முதல் வரியில் எழுத வேண்டியவர் அவர். அப்பீலை மட்டும் திரும்பத் திரும்பப் படித்ததால் வந்த குறை இது. தீர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பீலைப் படிக்க வேண்டும்.

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் தீர்ப்பிலுள்ள எழுவினாக்களை, அதாவது நீதிபதி முடிவுசெய்ய எடுத்துக்கொண்ட கேள்விகளை, வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் நீதிபதி என்ன முடிவுக்கு வந்தார், எந்தச் சாட்சியத்தை வைத்து வந்தார் என்று குறியுங்கள். வலப்பக்கம் அந்த முடிவைத் தாக்கும் அப்பீல் காரணத்தின் எண்ணை மட்டும் போடுங்கள்.

நான் போட்டுப் பார்த்தேன். நகை பங்குக்கு ஈடாகத் தரப்பட்டதா என்பது இரண்டாவது எழுவினா. அப்படித் தந்ததற்கு ஆதாரமில்லை என்பது முடிவு. அதற்கு எதிரே வலப்பக்கம் காலியாக இருக்கிறது. 18 காரணங்களில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. மனுவில் எழுதாத காரணத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் வாதிட முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை 2ஆம் விதி சொல்கிறது. நீங்கள் தூக்கம் கெட்ட விஷயம் இப்போது அப்பீலிலேயே இல்லை.

மீதி என்ன? முதல் காரணமும் கடைசிக் காரணமும் 'தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது' என்ற வழக்கமான வாசகம். எல்லா அப்பீலிலும் இருக்கும். 16, 17 பங்குக் கணக்கு. 2 முதல் 15 வரை, அப்பா எல்லாவற்றையும் தனக்கே எழுதிவைத்தார் என்று அண்ணன் காட்டும் உயில்தான். அதிலும் 2 முதல் 7 வரை, உயில் பதிவானது என்று விதவிதமாகச் சொல்கிறார்கள். பதிவானதை நீதிபதி மறுக்கவே இல்லை. பதிவானாலும் சாட்சியை வைத்து நிரூபிக்க வேண்டும் என்றார். சட்டமும் அதுதான். 12 முதல் 15 வரை அப்பா சுயநினைவோடு இருந்தார் என்கிறார்கள். அவர் சுயநினைவில் இல்லை என்று தீர்ப்பில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. சொல்லாத முடிவை மறுத்து நாலு காரணம்!

ஆக 8 முதல் 11 வரைதான் உண்மையான அப்பீல். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் முதல் விசாரணையில், அப்பா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்கிறார். குறுக்கு விசாரணையில், 'நான் போனபோது கையெழுத்து போட்டிருந்தது' என்கிறார். நீதிபதி இரண்டாவதை நம்பினார். முதலாவதை நம்பியிருக்க வேண்டும் என்பது அண்ணன் தரப்பு. பார்க்காவிட்டாலும், 'இது என் கையெழுத்து' என்று அப்பா அவரிடம் நேரில் சொல்லியிருந்தால் வாரிசுரிமைச் சட்டப்படி போதும். அப்படிச் சொன்னாரா என்று இரு தரப்பும் கேட்கவில்லை. வாக்குமூலத்தை வரிவரியாகப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில்தான் உங்கள் வக்கீல் உட்கார வேண்டும். கூடுதல் சாட்சியம் சேர்க்க மனு வந்தால், இந்த ஓட்டையை அடைக்கத்தான் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். உயில் இல்லையென்றால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு; அப்படித்தான் தீர்ப்பாகியிருக்கிறது. உயில் நின்றால் உங்கள் பங்கோடு அம்மாவின் பங்கும் போய்விடும். அப்பீலின் முதல் பக்கத்தைப் பாருங்கள், இரண்டாம் எதிர்மனுதாரர் யார் என்று. மகன் தன் மேலேயும் அப்பீல் போட்டிருக்கிறான் என்று அந்தம்மாவுக்கு யாராவது சொன்னார்களா? நோட்டீஸ் அண்ணன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வீட்டிலுள்ள வயதுவந்த ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடலாம். அம்மா ஆஜராகாமல் போனால் அவரில்லாமலேயே விசாரணை நடக்கும்.

சோறு போடுகிற மகன் என்பதற்காக ஒரு தாயின் பங்கை அவளுக்குத் தெரியாமல் எடுப்பது தப்பு. உங்கள் பங்கைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிய நீங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததும் தப்புதான். வழக்கு வந்தபிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று தோன்றுகிறது. கோபம் அண்ணன் மேல் இருக்கட்டும்.

இந்த வாரமே போய் அம்மாவைத் தனியாகப் பாருங்கள். அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நோட்டீஸ் வந்ததா, ஏதாவது வக்காலத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள். பங்கு வேண்டாம் என்று அவரே முடிவு செய்தால் அது அவர் விருப்பம், வற்புறுத்தாதீர்கள். வேண்டும் என்றால் உங்கள் வக்கீலையே போடாமல் அவருக்கென்று தனி வக்கீல் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு உங்களுடையது.