கோலம் தானாகப் போடப்படுகிற மாதிரி பொங்கல் வாழ்த்து வீடியோ: கேள்வி பதில்

உப்புவெளி: அண்ணா, எட்டுக்கு ஒன்பது புள்ளியில சிக்குக் கோலம் After Effects இல வரைஞ்சு, கோடு தானா ஓட Trim Paths போட்டன். நாலு செக்கனில கோடு ஓடி முடியுது, ஆனா பார்க்கிறவைக்கு ஒண்டும் விளங்கேல்ல எண்டினம்.

கோலம் பெரிது தங்கச்சி, நேரம் காணாது. பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலெல்லாம் கோடு வெட்டிக்கொள்கிற சாதாரணச் சிக்குக் கோலத்தில் எட்டுக்கு ஒன்பது என்றால் 127 வெட்டுகள் வரும், ஒவ்வொன்றையும் கோடு இரண்டு தரம் கடக்க வேண்டும். நாலு செக்கன் என்றால் செக்கனுக்கு 25 பிரேம் கணக்கில் மொத்தமே 100 பிரேம்தான், ஆக ஒரு பிரேமுக்குள்ளேயே இரண்டு மூன்று வெட்டைத் தாண்டிவிடும், கண் எப்படிப் பின்தொடரும்? மூன்றுக்கு நாலு புள்ளி எடுங்கள். 17 வெட்டுத்தான், ஒரு வெட்டிலிருந்து அடுத்ததற்குப் போக ஏறக்குறைய மூன்று பிரேம் கிடைக்கும், கோடு வளைந்து போவது வடிவாகத் தெரியும்.

மூன்றுக்கு மூன்று வேண்டாம், அதில் ஒரே கோடு வராது, தனித்தனியாக மூன்று கோடுகள் வரும். இரண்டு எண்ணுக்கும் பொதுவான பெரிய வகுத்தி எதுவோ அத்தனை கோடுதான். மூன்றும் நாலும் என்றால் வகுத்தி ஒன்று, தொடங்கின இடத்திலேயே வந்து முடியும்.

முதலில் 12 புள்ளியையும் இரண்டு பிரேமுக்கு ஒன்றாக வரிசை வரிசையாக வையுங்கள், அதற்கு ஒரு செக்கன் போகும். அப்புறம் Trim Paths இல் உள்ள End ஐ 0% இலிருந்து 100% க்கு நாலு செக்கனில் கொண்டு போங்கள். கோடு நடு வளைவொன்றில் திடீரென்று தொடங்கினால் ஓரப் புள்ளியைச் சுற்றுகிற முனையைத் தெரிவுசெய்து Set First Vertex கொடுங்கள்.

நிலாவெளி: உண்மையான அரிசிமாக் கோலத்தை மேலேயிருந்து படம் எடுத்து, அதுக்கு மேல கோடு கீறி, கோடு போன இடத்தில மட்டும் படம் தெரியிற மாதிரி Track Matte போட்டன். கோடு போகேக்க பக்கத்தில சின்னச் சின்னக் குச்சி மாதிரி முளைக்குது.

அது வெட்டுகிற இடத்தில்தான் முளைக்கும், போய்ப் பாருங்கள். மாக் கோடு ஒரே தடிப்பில் இருக்காது, அதனால் மறைப்புக் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக வைத்திருப்பீர்கள். அது ஒரு வெட்டைக் கடக்கும்போது, இன்னும் போடாத குறுக்குக் கோட்டின் துண்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து தெரிந்துவிடுகிறது. தடிப்பைக் குறைத்தால் குச்சி போகும், ஆனால் மாவின் ஓரம் வெட்டுப்படும்.

படத்தையே விரிக்க வேண்டுமென்றால் கோட்டைத் தன்னைத்தானே வெட்டாத துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் படத்தின் ஒரு பிரதியை வைத்து, அதில் மற்றக் கோடுகளை அழிக்க வேண்டும். நல்லாக வரும், ஆனால் வேலை கூட. நான் செய்வது வேறு: ஓடுவது படம் இல்லை, வெள்ளைக் கோடுதான். Round Cap கொடுத்து, Roughen Edges ஐக் கொஞ்சமாகப் போட்டால் மா சிந்தின ஓரம் மாதிரி வரும். கோடு முடிந்ததும் பத்துப் பிரேமில் உண்மைப் படத்துக்கு மங்கலாக மாற்றிவிடுவேன். கோட்டைப் படத்தின் மேல் சரியாகக் கீறியிருந்தால் மாறினது தெரியாது. ஒரு வளைவு விலகியிருந்தாலும் அந்த இடம் துள்ளும், அதை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம்.

தம்பலகாமம்: இவ்வளவு எதுக்கு? முழுக் கோலத்தைப் போனில வைச்சு, கொஞ்சம் கொஞ்சமா அழிச்சு அழிச்சுப் படம் எடுத்து, கடைசியில தலைகீழா ஓட்டினாச் சரிதானே.

தலைகீழாக ஓட்டுவது சரிதான், பழைய நல்ல வழி. ஆனால் வெட்டுகிற இடத்தில் அழிக்கும்போது குறுக்கே போகிற கோடும் அறுந்துவிடும், திருப்பி ஓட்டும்போது அந்த ஓட்டை பிறகு தானாக அடைபடுவது மாதிரித் தெரியும். மேலே சொன்ன அதே சிக்கல்தான், மறுபக்கத்திலிருந்து வருகிறது. வெட்டே இல்லாத, புள்ளியைப் புள்ளியோடு சேர்க்கிற கோலத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். சிக்குக் கோலத்துக்கு ibisPaint போன்ற ஆப்பில் புள்ளியை ஒரு லேயரில் வைத்து, கோட்டை மேலே வேறு லேயரில் வரையுங்கள், வரைவதை அதுவே பதிந்து தரும்.

சாம்பல்தீவு: அம்மா விடிய முற்றத்தில கோலம் போடுறதை நான் போனை மேலே கட்டி எடுக்கப்போறன். எத்தனை செக்கனுக்கு ஒரு படம் எடுக்க?

நீங்கள் கேட்பது உண்மை டைம்லாப்ஸ், அதையும் சொல்கிறேன். அம்மாவுக்கு 20 நிமிடம் போகுமென்றால் 1200 செக்கன், வீடியோவில் ஆறு செக்கனுக்கு 150 படம் வேண்டும், ஆக எட்டுச் செக்கனுக்கு ஒன்று. ஆனால் எட்டுக்கு ஒன்றாகவே எடுத்தால் பாதிப் படங்களில் அம்மாவின் தலைதான் கோலத்தை மறைத்துக்கொண்டு இருக்கும். இரண்டு செக்கனுக்கு ஒன்றாக எடுத்து, நாலு படத்தில் கோலம் நன்றாகத் தெரிகிற ஒன்றைப் பொறுக்குங்கள். வெளிச்ச அளவையும் நிறத்தையும் போனில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் படத்துக்குப் படம் மினுங்கும். இருட்டில் தொடங்கினால் பூட்டியும் பயனில்லை, விடிய விடியப் படம் வெளுத்துப் போகும், நன்றாக வெளித்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள். தை மாதம் எங்கள் பக்கம் மழை விட்டிருக்குமென்று நம்ப ஏலாது, விறாந்தையில் போட்டால் நல்லது.

உப்புவெளி: அண்ணா, கடைசியா ஒண்டு. கோட்டோட ஒரு கையும் ஓடினா நல்லா இருக்குமா? அக்கா வேணும் எண்டுறா.

எனக்கு வேண்டாம். ஒரே கைப் படத்தைக் கோட்டு நுனியில் ஒட்டி இழுத்தால் மணிக்கட்டு திரும்பாது, வளைவில் உடனே பொய் தெரியும். அக்கா கை இருந்தால்தான் வீட்டுக் கோலம் மாதிரி இருக்கும் என்கிறா போல, அதுவும் நியாயம்தான். இரண்டு மாதிரியும் செய்து வீட்டில் போட்டுக் காட்டுங்கள்.