சோலார் கம்பெனி இணையதளத்தில் யார் படம் இருக்க வேண்டும்?

கேள்வி: கோவையில் வீட்டு மாடிக்கு சோலார் போட்டுத் தருகிறோம், மொத்தம் ஆறு பேர். இணையதளத்தில் எங்கள் ஆட்கள் படத்தைப் போடுவதா, நல்ல ஸ்டாக் படம் வாங்கிப் போடுவதா? எங்கள் படங்கள் அவ்வளவு எடுப்பாக இல்லை.

உங்கள் ஆட்கள் படம்தான். எடுப்பாக இல்லாதது ஒரு குறையே இல்லை. உண்மையான குறை வேறு இடத்தில் வரும், கீழே சொல்கிறேன்.

உங்களைத் தேடி வருபவர் 3 கிலோவாட்டுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பார். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வேலை முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும், அதுவரை கைக்காசு. முன்பணம் வாங்கியவர்கள் போனை எடுக்காமல் போனால் யாரைப் பிடிப்பது என்பதுதான் அவர் பயம். அந்த மானியத்துக்கான pmsuryaghar.gov.in தளத்தின் கம்பெனிப் பட்டியலில் மூன்று கம்பெனிகளுமே இருக்கும், அதனால் அது முடிவுக்கு உதவாது. அப்போதுதான் ‘எங்கள் குழு’ பக்கத்தைத் திறப்பார்.

ஸ்டாக் படம் போட்டிருந்தால், அங்கே வெள்ளை ஹெல்மெட் போட்ட நான்கு வெளிநாட்டுக்காரர்கள், புகைபோக்கி வைத்த சாய்ந்த ஓட்டுக் கூரையில் பேனலைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். நம் ஊரிலோ தட்டையான கான்கிரீட் மாடி. அதில் ஜி.ஐ. ஸ்டாண்டு நிறுத்தி, தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரிதான் சாய்ப்போம். பக்கத்து வீட்டு மாடியை ஒருமுறை பார்த்தவருக்கே இது இங்கே எடுத்த படமில்லை என்று தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடுவார். அதே நால்வர் வேறு நாலு கம்பெனிகளிலும் ‘எங்கள் குழு’வாக நிற்பார்கள். ஓரத்தை வெட்டிப் போட்டாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். பெரிய கம்பெனிகளுக்கே இது நடந்திருக்கிறது: 2004இல் டெல், கேட்வே என்ற கம்ப்யூட்டர் கம்பெனிகள் இரண்டும் தங்கள் விளம்பரத்தில் ஒரே மாணவியின் ஸ்டாக் படத்தைப் போட்டிருந்தன. அந்தக் கம்பெனிகளின் பெயரைத் தெரியாதவர் இல்லை, பார்த்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். உங்களை யாரென்றே தெரியாதவர் சிரிக்க மாட்டார், அடுத்த கொட்டேஷனை எடுப்பார்.

ஸ்டாக் படம் என்றாலே ஏமாற்று என்று சொல்லவில்லை, டிசைனர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நெட் மீட்டர் எப்படி ஓடுகிறது என்று விளக்க ஒரு வரைபடம் வாங்கிப் போடுங்கள், யாருக்கும் உறுத்தாது. ‘எங்கள் குழு’ என்று எழுதி அதன் கீழே அடுத்தவர் முகத்தை வைப்பதுதான் வம்பு. மாடல் முகத்துக்குப் பொய்ப்பெயர் வைத்து வாடிக்கையாளர் சொன்னதாகப் போடுவதைப் பல ஸ்டாக் தளங்களின் உரிம விதியே தடுக்கிறது. பல கம்பெனித் தளங்களில் இந்த முகங்கள் டெம்ப்ளேட்டோடு வந்தவை. பணம் வாங்கித் தளம் செய்து கொடுப்பவர்கள் அதை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இனி உங்கள் படம். இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2010இல் எழுதிய கண்ணசைவு ஆய்வில், அலங்காரத்துக்கு வைத்த படங்களை மக்கள் தாண்டிப் போனார்கள், நிஜ ஆட்களின் படங்களை நின்று பார்த்தார்கள். நின்று பார்க்கும்போது தப்பும் கண்ணில் படும், முதலில் சொன்ன உண்மையான குறை அதுதான். ஹெல்பர் செருப்போடு பேனல் மேலேயே ஏறி நிற்கும் படம் நிறையத் தளங்களில் இருக்கிறது. ஆள் ஏறினால் உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், நாளடைவில் மின்சாரம் குறையும். விவரம் தெரிந்த வாடிக்கையாளரை அந்த ஒரு படமே விரட்டிவிடும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் நிற்பதும் அப்படித்தான்.

போன் கேமரா போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். காலை எட்டு மணிக்குள், முடித்த ஒரு மாடியில், ஸ்டாண்டின் கால்கள் தெரியும்படி ஆறு பேரையும் வேலை உடுப்போடு நிறுத்துங்கள். பேனலில் வானம் பளீரென்று அடித்தால் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். தனிப்படங்களுக்கு எல்லோருக்கும் ஒரே சுவர், நிழல். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள், கிட்டே போய் 1x-இல் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். கீழே பெயரும் வேலையும் எழுதுங்கள்: ‘வயரிங், எர்த்திங்’, ‘ஸ்டாண்டு வெல்டிங்’ என்று. ‘எக்ஸிகியூட்டிவ்’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஏற்றும் முன் படத்துக்குள் பதிவான இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், அது வாடிக்கையாளர் வீட்டின் முகவரி. ஆட்களிடமும் வீட்டுக்காரரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

வேலையை விட்டுப் போனவர் படத்தை அந்த வாரமே எடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் அம்மா கதவைத் திறக்கும் முன் போனில் உள்ள முகத்தையும் கேட் அருகே நிற்பவர் முகத்தையும் ஒத்துப் பார்ப்பார். தினக்கூலிக்கு வேறு ஆள் வருகிறார் என்றால், அவர் படத்தை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.