பினாங்குப் பயணத்தில் கழிவறைக்கு எங்கே நிற்பது, எதை வாங்கி வைப்பது?

கேள்வி: தைப்பூசத்துக்குச் செந்தூலிலிருந்து பினாங்குக்குக் காரில் போகிறோம். மாமியாருக்கு 71 வயது. முட்டியில் மூட்டு மாற்று சிகிச்சை செய்திருக்கிறார். கால் வீக்கத்துக்காகக் காலையில் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். மகளுக்கு மூன்று வயது. சென்ற ஆண்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு மாமியார் மிகவும் அவதிப்பட்டார். எங்கெங்கே நிற்க வேண்டும், என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: உங்கள் பயணத்தின் கால அட்டவணையைத் தீர்மானிக்க வேண்டியது அந்த நீர் மாத்திரைதான். ஃபுரோசமைட் வகை மாத்திரை உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகும் சில மணி நேரம் நீடிக்கும். காலை ஏழு மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஏழரைக்குப் புறப்பட்டால், காரில் இருக்கும் நேரம் முழுவதும் அதன் வேகம் இருக்கும். ஆகவே, அன்று ஒரு நாள் மட்டும் பினாங்கு போய்ச் சேர்ந்த பிறகு மாத்திரையைக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதோ, வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று மாமியார் தண்ணீர் குடிக்காமல் வருவதோ கூடாது. வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் சிறுநீர்த் தொற்றும் வருவதற்கு அதுவே வழியாகும்.

மகளின் கணக்கு வேறு. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அதன் சிறுநீர்ப்பை ஏறக்குறைய எத்தனை மில்லிலிட்டர் தாங்கும் என்பது தெரியும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு இது 120 மில்லி, அதாவது ஒரு சிறிய பான பாக்கெட்டிலும் குறைவு. பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காமல், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதபடி நிறுத்தங்களை அமைத்துக்கொள்வதே நல்லது.

வடக்கு நோக்கிய பிளஸ் நெடுஞ்சாலையில் உங்களுக்கு நான் சொல்லும் நிறுத்தங்கள் மூன்று: உலு பெர்ணம், சிம்பாங் பூலாய், குனுங் செமாங்கோல். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஏழு மணியளவில் உலு பெர்ணம் ஆர் அண்ட் ஆர் வரும். அங்கே அவசரப்படாமல் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில், ஈப்போவுக்குச் சற்று முன்னால், சிம்பாங் பூலாயில் நிற்கலாம். பெரும்பாலோர் தாப்பாவில்தான் இறங்குவார்கள், விழாக் காலத்தில் அங்கே பெண்கள் பக்கத்து வரிசை நீளமாக இருக்கும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறேன். சிம்பாங் பூலாயில் அனைவரும் போய்வருவது முக்கியம், ஏனெனில் ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கமும் மலைச்சாலையும் வருகின்றன, அந்த ஏற்ற இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நேரக் கணக்கெல்லாம் குலைந்துவிடும். நடுவே தேவைப்பட்டால் சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆர் இருக்கிறது.

எந்த நிறுத்தமானாலும் காரை நிறுத்துவதற்கு முன்பு பேருந்துகள் நிற்கும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று பேருந்துகள் அப்போதுதான் வந்து நின்றிருந்தால், முதலில் உணவுக்கடைப் பக்கம் போய்விட்டு, கால் மணி நேரம் கழித்துக் கழிவறைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் குந்தும் கழிவறையை நம்பி இருக்கக் கூடாது. பெண்கள் பகுதியில் குந்தும் வகையே முதலில் கண்ணில் படும், உட்காரும் வகை ஒன்றிரண்டுதான் இருக்கும். உடல் பேறு குறைந்தோருக்கான ஓகேயு கழிவறையை முதலில் தேடுங்கள். அங்கே உட்காரும் வகைக் கழிவறையும், சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், துணைக்கு ஒருவர் நிற்க இடமும் இருக்கும். பெரும்பாலும் அது ஆண், பெண் பகுதிகளுக்கு வெளியே தனியாக அமைந்திருப்பதால், நீங்கள் மகளோடு இருக்கும்போது உங்கள் கணவரே தம் தாயைக் கூட்டிச் செல்லலாம். பூட்டியிருந்தால் துப்புரவுப் பணியாளரிடம் கேளுங்கள். மாமியார் உட்காரும் முன், உட்காரும் வளையத்தை இரு கையாலும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சிலர் அதன்மேல் ஏறிக் குந்துவதால் பின்பக்கத் திருகுகள் தளர்ந்திருக்கும். அசைந்தால் அதில் அவரை உட்கார வைக்காதீர்கள், ஈரமான தரையில் வளையம் நழுவி விழுவது அசுத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. தாளால் ஆன இருக்கை உறைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், ஈர வளையத்தில் வைத்த மறுகணமே அவை நனைந்து ஒட்டிக்கொள்ளும். டிஷ்யூவால் துடைத்து, 70 விழுக்காட்டு ஆல்கஹால் தெளித்துக் காயவிட்டால் போதும்.

வாங்க வேண்டிய பொருள்கள் மூன்றுதான். மகளுக்கு, மடக்கிவைக்கக்கூடிய சிறு கழிவறை இருக்கை ஒன்று. கால்கள் விரிந்து பூட்டிக்கொள்கின்றனவா என்பதைக் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். இரண்டாவது, சிறுநீரைக் கூழாக்கும் பொடி உள்ள, பயன்படுத்தியபின் எறியும் பை. நெரிசலில் நகர முடியாமல் நிற்கும்போது இதுதான் கைகொடுக்கும். பெண்களுக்கும் பொருந்தும் அகன்ற வாய் உள்ளதா, 600 மில்லிக்குக் குறையாமல் கொள்ளுமா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதில் ஒன்றை வீட்டிலேயே வீணாக்கிச் சோதியுங்கள்: 400 மில்லி தண்ணீரை ஊற்றி, வாயை மூடி, பழைய துண்டின்மேல் பத்து நிமிடம் படுக்க வையுங்கள். துண்டு நனைந்தால் அந்த வகையை மறந்துவிடலாம்.

மூன்றாவது, மாமியாருக்குக் காற்சட்டைபோல் அணியும் முதியோர் டயாபர். பக்கவாட்டில் ஒட்டும் வகை படுத்திருப்பவர்களுக்கு உரியது, நடப்பவருக்கு அது காரில் உட்கார்ந்ததும் தளரும். உடை அளவை வைத்து வாங்காமல், இடுப்பையும் பின்புறத்தையும் அளவுநாடாவால் அளந்து பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். தொடைப் பக்கம் இடைவெளி விட்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒழுகும். முதலில் மிகச் சிறிய பொட்டலத்தையே வாங்கி, வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து உட்காரச் சொல்லுங்கள், பிரித்த பொட்டலத்தை மருந்தகத்தில் திரும்ப எடுப்பது அரிது. இதைக் கொடுக்கும்போது அவருடைய மனம் நோகாதபடி, 'நெரிசல் வந்தால் என்ன செய்வது அம்மா' என்று பேசிப் புரியவைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு சொல்: கைப்பையைக் கதவின் மேற்கொக்கியில் மாட்டாதீர்கள், மேலிருந்து கைநீட்டி எடுப்பது எளிது. அதைக் கழுத்திலேயே தொங்கவிடுங்கள். இருட்டிய பிறகு தனியாக இறங்காமல், வெளிச்சமுள்ள எண்ணெய் நிலையத்தின் பக்கமாகக் காரை நிறுத்தி இருவராகப் போங்கள். அவசரப் பாதையில் காரை ஓரங்கட்டிப் பிள்ளையை இறக்கிவிடவே வேண்டாம், வேகமாக வரும் வாகனங்கள் பின்னாலிருந்து மோதும் இடம் அது.

இறுதியாக, குனுங் செமாங்கோலில் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவரும் கழிவறைக்குப் போய்வர வேண்டும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் நிறுத்த முடியாது. தைப்பூச நாளில் அதற்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். வரைபடச் செயலியில் பாலத்தின் நுழைவு சிவப்பாகத் தெரிந்தால், ஜுருவில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, அங்குள்ள எண்ணெய் நிலையம் ஒன்றில் மீண்டும் ஒருமுறை போய்விட்டு ஏறுங்கள்.