ஏரிச் சேற்றில் மெல்ல இறங்கும் கனவு: ஏன் வருகிறது, எப்படி மாற்றி எழுதுவது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்க ஊர். வாரத்துல மூணு நாள் ஒரே கனவு. ஏரிச் சேத்துல கால் மெதுவா இறங்குது, இழுக்க இழுக்க உள்ள போகுது, நெஞ்சு வரைக்கும் வந்ததும் முழிச்சுக்கறேன். ரெண்டு குழுக்கடன் (வாரம் 1,100, 900, ரெண்டும் புதன்கிழமை), நகைக்கடன் வட்டி மாசம் 1,500, தங்கச்சி கல்யாணம் வேற. வீட்டு வருமானம் 22,000. ஏதாவது கெட்டது வரப்போகுதா? இது நிக்க என்ன செய்யணும்?

பதில்:

வராது. நடக்கப் போவதைச் சொல்லும் வேலை கனவுக்கு இல்லை. பகலில் மனம் எதைச் சுமக்கிறதோ அதையே இரவில் வேறு உருவத்தில் ஓட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். சேறு என்ற உருவம் ஏன் என்றால், தமிழிலேயே உளை என்றால் சேறு, உளைச்சல் என்றால் வேதனை. இரண்டும் ஒரே வேரா என்று மொழி அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கால் நகராததற்கு உடம்பிலும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. தெளிவான கனவுகள் அதிகம் வரும் தூக்க நிலையில் கண் மட்டும் இமைக்குள் உருளும். கை கால் தசைகளை மூளைத்தண்டு தளர்த்திப் பூட்டி வைத்திருக்கும். கனவில் நீங்கள் காலை இழுக்கிறீர்கள், கால் வரவில்லை. இந்த நிலை விடியற்காலையில்தான் நீளமாக வரும். மூன்றரை, நாலு மணிக்கு மேல்தான் விழிப்பு வருகிறதென்றால் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மருந்தில்லாத ஒரு பயிற்சி இருக்கிறது: கனவை விழித்திருக்கும்போது மாற்றி எழுதி, மாற்றியதை மனதில் ஓட்டிப் பழகுவது. அமெரிக்காவில் பேரி கிராக்கோ என்ற மருத்துவரின் குழு 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டது; பயிற்சி செய்தவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. செய்முறை சுலபம். பகலில் ஒரு நோட்டில் கனவை நடந்தபடி எழுதுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் திசையை மாற்றி முடிவு வரை திரும்ப எழுதுங்கள். பிறகு பழையதைத் தொடாமல், புதியதை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் கண்மூடி ஓட்டுங்கள். ஓரிரு நாளில் பலனை எதிர்பார்க்காதீர்கள். சில வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

பலர் சறுக்குவது மாற்றி எழுதும் இடத்தில். "யாரோ வந்து தூக்கிவிட்டார்கள்" என்று எழுதுவார்கள். அப்படி எழுதுவதில் தவறில்லை. ஆனால் நிஜச் சேற்றில் என்ன நடக்கும் என்று தெரிந்து எழுதினால் மனம் அதை எளிதில் நம்பும் என்பது என் கருத்து. புதைமணலின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனித உடம்பு கிட்டத்தட்ட தண்ணீர் அளவுதான். அதனால் இடுப்புக்கு மேல் உடம்பு தானாக இறங்காது, மிதந்து நிற்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆபத்து மூழ்குவதில் இல்லை, மாட்டிக்கொள்வதில் இருக்கிறது. மணல் காலைச் சுற்றி இறுகிவிடுகிறது; நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை உருவவே ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் விசை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வெளியே வரும் வழி, காலைச் சின்னச் சின்னதாக ஆட்டிப் பக்கவாட்டில் தண்ணீரை இறங்க விடுவது, மல்லாந்து சாய்ந்து எடையைப் பரப்புவது.

நம்ம ஊர் ஏரி மண் களிமண், புதைமணல் இல்லை. ஆனால் குழைந்த களியும் தண்ணீரைவிடக் கனம்தான். கோடையில் மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், வண்டல் அள்ளிய குழிக்குள் மட்டும் ஈரம் நிற்கும். கனவை அங்கேயே வைத்து எழுதலாம்:

"காய்ந்த பாளத்தில் கால் வைத்தேன், உடைந்து முழங்கால் வரை போனது. இழுக்கவில்லை. நின்றேன். இடுப்பு வரை வந்ததும் சேறு என்னைத் தாங்கியது. பின்னால் சாய்ந்தேன், முதுகில் சேறு சில்லென்று இருந்தது. வலது காலை மெல்ல ஆட்டினேன், ஓரத்தில் தண்ணீர் குமிழிட்டு இறங்கியது. வலது கால் வந்தது. பிறகு இடது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. மல்லாந்தபடியே நகர்ந்து கரைப் புல்லைப் பிடித்தேன்."

செருப்பை விட்டுவிடுங்கள். சின்ன நஷ்டம் ஒன்று இருந்தால் கதை உண்மையாக இருக்கும்.

இனி பகல் பக்கம். உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை தெரிகிறது. வாரம் 2,000 என்றால் மாதம் 8,000 என்று நினைத்திருப்பீர்கள். ஆண்டுக்கு 52 வாரம். சராசரி மாதம் 8,667. வட்டியோடு 10,167. ஆனால் ஆண்டில் குறைந்தது நாலு மாதம் ஐந்து புதன் வரும். அந்த மாதம் 11,500, வருமானத்தில் பாதிக்கு மேல். காலண்டரில் அந்த மாதங்களைச் சிவப்பில் சுழித்து வையுங்கள். நாலு புதன் வரும் எட்டு மாதங்களில் தலா 1,000 ரூபாய் தனி டப்பாவில் போட்டால், மற்ற நாலு மாதத்தின் கூடுதல் 2,000 அதிலிருந்தே போய்விடும். முதல் ஐந்து புதன் மாதத்துக்கு முன் இரண்டு மாதமாவது போட்டிருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு மைக்ரோபைனான்ஸ் கடன் தரும்போது, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அந்த எல்லை 11,000. கல்யாணத்துக்கு மூன்றாவது குழுவில் சேரலாமா என்ற யோசனை இருந்தால் இந்த எண்ணைப் பாருங்கள், மீதி 833 ரூபாய்தான். அந்த வகைக் கடனை முன்கூட்டியே கட்டி முடிக்க அபராதம் கேட்கக்கூடாது. கையில் மொத்தமாகப் பணம் வரும்போது நிலுவை குறைவாக உள்ள குழுவை முதலில் முடித்தால் ஒரு புதன் சுமை முழுசாக இறங்கும். காலை 9க்கு முன்பும் மாலை 6க்குப் பின்பும் வசூலுக்கு வரவோ போன் செய்யவோ கூடாது என்பதும் அதே விதி. இரவு எட்டு மணிக்கு வாசலில் ஒருவர் நின்றுவிட்டுப் போன பிறகு படுத்தால் தூக்கம் எப்படி வரும்?

படுக்குமுன் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியதை எழுதி வையுங்கள். 57 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்; எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். "கல்யாணச் செலவு" என்று எழுதினால் பயனில்லை. "வியாழன் காலை மண்டபத்து முன்பணம் எவ்வளவு என்று மாமாவிடம் கேட்கணும்" என்று எழுதுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கனவின் கணக்கில் விட்டுவிடாதீர்கள். நெஞ்சு வரை சேறு வந்து மூச்சு முட்டி எழுகிறீர்களா? வீட்டில் பலத்த குறட்டை என்கிறார்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? அப்படியென்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயா என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுத்தால் அதுவும் கெட்ட கனவைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும், எந்த நாள் எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று இரண்டு வாரம் குறித்த நோட்டையும் கொண்டுபோங்கள். விழித்திருக்கும்போதும் இனி முடியாது, இருந்து என்ன பயன் என்று தோன்றினால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.